பந்தின் இரண்டு நிழல்கள்

கல்முனையில் உயர்தரப் பௌதிகவியல் படிக்கும் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பவன் நான். எத்தனையோ விடைத்தாள்களைத் திருத்தியாயிற்று. அவற்றில் ஒன்று மட்டும் இன்றுவரை கண்ணுக்குள் நிற்கிறது. வினா மிகச் சாதாரணமானது. கிடைத்தரையிலிருந்து ஒரு துணிக்கை 25 m s⁻¹ வேகத்தில், கிடையுடன் θ கோணத்தில் எறியப்படுகிறது. tan θ = 3/4. வளித்தடையைப் புறக்கணித்து, பறப்பு நேரத்தையும் கிடை வீச்சையும் காண வேண்டும். g இன் பெறுமானம் 10 m s⁻².

அந்த மாணவன் எழுதியிருந்தது இவ்வளவுதான்:

```
0 = 25 - 10t
t = 2.5 s
பறப்பு நேரம் = 5 s
வீச்சு = 25 × 5 = 125 m
```

எழுத்து முத்து முத்தாக இருந்தது. கழித்தலிலும் பெருக்கலிலும் ஒரு பிழை இல்லை. ஆனால் சரியான நேரம் 3 செக்கன், சரியான வீச்சு 60 மீற்றர். இரண்டு மடங்கையும் தாண்டிப் போயிருந்தது அவனுடைய பந்து.

அவனுக்குச் சமன்பாடு தெரியாமல் இல்லை. பந்தின் முழு வேகத்தையும் மேலே ஏறுவதற்குக் கொடுத்தான். பிறகு அதே முழு வேகத்தையும் முன்னே போவதற்கும் கொடுத்தான். கையில் இருக்கும் ஒரே நோட்டை இரண்டு கடையில் நீட்டியதைப் போன்ற கணக்கு அது. உண்மையில் அவன் செய்தது வேறொரு வினாவுக்குச் சரியான விடை. மேல்நோக்கி 25, முன்நோக்கி 25 என்று இரண்டும் ஒருங்கே உள்ள பந்தின் மொத்த வேகம் ஏறத்தாழ 35 m s⁻¹ ஆக இருக்கும், கோணம் 45 பாகையாக இருக்கும். அந்தப் பந்து 125 மீற்றர் போகும். வினாவில் இருந்த பந்து அதுவல்ல.

எறியக் கணக்குகளில் தடுமாறும் பிள்ளைகளில் பெரும்பாலோர் தடுமாறுவது இந்த இடத்தில்தான். ஒரு வேகத்தை இரண்டாகப் பிரிப்பது என்றால் என்ன? பிரித்தபின் எந்தக் கூறு எந்த வேலையைச் செய்கிறது? இதைப் படம் பிடித்தாற்போல் காட்டுவதற்கு எங்கள் கடற்கரையும் எங்கள் சூரியனும் போதும்.

நண்பகல் நிழலும் விடியல் நிழலும்

சாய்ந்தமருதுக் கடற்கரையில் பிள்ளைகள் மென்பந்து கிரிக்கெட் விளையாடுகிறார்கள். ஒருவன் கடலுக்கு முதுகைக் காட்டி நின்று, ஊர்ப்பக்கமாகப் பந்தை உயர்த்தி அடிக்கிறான். மட்டையை விட்டுப் போகும்போது பந்தின் வேகம் 25 m s⁻¹, கோணம் நம் வினாவில் உள்ளதுதான். காற்றின் தடையை இப்போதைக்கு மறந்துவிடுவோம். கடைசியில் அதனிடம் திரும்பி வருவோம்.

நேரம் நண்பகல், மாதம் ஏப்ரல் என்று வைத்துக்கொள்ளுங்கள். கல்முனை வட அகலாங்கு ஏழரைப் பாகைக்குக் கொஞ்சம் குறைவான இடம். ஏப்ரல் 8, 9 அளவில் நண்பகல் சூரியன் எங்கள் உச்சந்தலைக்கு நேர்மேலே வந்து நிற்கும். அப்போது பந்தின் நிழல் பந்துக்கு நேர்கீழே மணலில் விழும். பந்து எவ்வளவு உயரம் போனாலும் அந்த நிழலுக்குத் தெரியாது. பந்து முன்னே எவ்வளவு நகர்ந்தது என்பது மட்டும்தான் அதில் பதியும்.

இனி நேரம் விடியற்காலை. சூரியன் கடலிலிருந்து இப்போதுதான் தலைகாட்டுகிறது. ஒளி மணலை உரசிக்கொண்டு கிடையாக வருகிறது. ஊர்ப்பக்கம் கடலைப் பார்த்தபடி நான்கு மாடிக் கட்டடம் ஒன்றின் வெள்ளைச் சுவர் நிற்கிறது. அடித்த பந்தின் நிழல் அந்தச் சுவரில் விழும். பந்து சுவரை நோக்கி எவ்வளவு தூரம் வந்தாலும் இந்த நிழலுக்குத் தெரியாது. அது சுவரில் ஒரே கோட்டில் மேலே ஏறும், பிறகு அதே கோட்டில் கீழே இறங்கும்.

பந்து ஒன்று, அதற்கு நிழல் இரண்டு. மணலில் ஓடும் நிழலின் வேகம்தான் கிடைக்கூறு. சுவரில் ஏறி இறங்கும் நிழலின் வேகம்தான் நிலைக்குத்துக்கூறு. வேகத்தைக் கூறாக்குவது என்று புத்தகம் சொல்வது இந்த இரண்டு நிழல்களையும் தனித்தனியே பார்ப்பதைத்தான்.

நிழலின் வேகத்தை எப்படிக் காண்பது? tan θ = 3/4 என்றால் எதிர்ப்பக்கம் 3, அயற்பக்கம் 4, செம்பக்கம் 5 கொண்ட முக்கோணி. எனவே sin θ = 3/5, cos θ = 4/5. மணல் நிழலின் வேகம் 25 × 4/5 = 20 m s⁻¹. சுவர் நிழல் புறப்படும் வேகம் 25 × 3/5 = 15 m s⁻¹. உயர்தரப் பௌதிகவியல் பரீட்சையில் கணிப்பானுக்கு அனுமதி இல்லை. 3, 4, 5 முக்கோணி இந்த வினாக்களில் அடிக்கடி தலைகாட்டுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

இந்த இடத்தில் வகுப்பில் யாராவது ஒருவர் கை உயர்த்துவது வழக்கம்.

“சேர், இருபதையும் பதினஞ்சையும் கூட்டினா முப்பத்தஞ்சு வருதே. இருந்தது இருபத்தஞ்சுதானே. மிச்சப் பத்து எங்கால வந்த?”

“வயலுக்குப் போயிருக்கியா மகன்? வரம்பால போனா இருபது அடி நடந்து, திரும்பி இன்னொரு பதினஞ்சு அடி நடக்கணும். வயலுக்குள்ளால குறுக்கே போனா எத்தின அடி?”

கொஞ்ச நேரம் கழித்து, “இருபத்தஞ்சு” என்று பதில் வரும். வரம்பால் நடந்தது 35 அடி, குறுக்கே நடந்தது 25 அடி, ஆனால் சென்று சேர்ந்த மூலை ஒன்றுதான். வேகத்தின் கூறுகளும் இந்த இரண்டு வரம்புகளைப் போன்றவை. அவற்றைச் சும்மா கூட்டக் கூடாது. வர்க்கித்துக் கூட்டி, வர்க்கமூலம் எடுக்க வேண்டும். 400 + 225 = 625, அதன் வர்க்கமூலம் 25. கூறுகளைக் கண்ட உடனேயே இந்தச் சரிபார்ப்பைச் செய்துவிட்டால், சைனும் கோசைனும் இடம் மாறுவதைத் தவிர மற்றப் பிழைகள் அங்கேயே பிடிபடும்.

சைன், கோசைன் மாறிப்போவதைப் பிடிக்க நிழல் உதவும். சில வினாக்களில் கோணம் நிலைக்குத்துடன் கொடுக்கப்பட்டிருக்கும். “கிடைக்குக் கோசைன், நிலைக்குத்துக்குச் சைன்” என்று மனப்பாடம் செய்த பிள்ளை அங்கே வழுக்கி விழும். பாடமாக்க வேண்டியது, கோணத்தை ஒட்டிய பக்கத்துக்கே கோசைன் என்பதை. அதன் பிறகு ஒருமுறை படத்தைப் பார்க்க வேண்டும். பந்து நிமிர்ந்து போகிறதென்றால் சுவர் நிழல் வேகமாகவும் மணல் நிழல் மெதுவாகவும் இருந்தாக வேண்டும். கண்ட எண்கள் அதற்கு மாறாக இருந்தால் சைனும் கோசைனும் இடம் மாறிவிட்டன.

நிழல்கள் ஒன்றையொன்று கேட்பதில்லை

இரண்டாகப் பிரிப்பது தாளில் செய்யும் வசதி மட்டுமல்ல, இயற்கையும் அப்படித்தான் நடந்துகொள்கிறது. மட்டையை விட்டுப் பிரிந்தபின் பந்தைத் தொடுவது புவியீர்ப்பு ஒன்றுதான், அது கீழ்நோக்கி மட்டுமே இழுக்கிறது. பக்கவாட்டில் இழுக்க ஆளில்லை. ஆகவே மணல் நிழல் புறப்பட்ட 20 m s⁻¹ வேகத்திலேயே கடைசிவரை சீராக ஓடுகிறது. சுவர் நிழல்தான் ஒவ்வொரு செக்கனும் 10 m s⁻¹ இழந்து, மெதுவாகி, நின்று, பிறகு கீழ்நோக்கி வேகம் கூட்டுகிறது.

இதை வீட்டு மேசையிலேயே சோதிக்கலாம். ஓர் அடிமட்டத்தை மேசையில் வைத்து, அதன் ஒரு முனை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி செய்யுங்கள். நீட்டிய முனையின் மேல் ஒரு பத்து ரூபாய்க் குற்றி. மேசை விளிம்பில், அடிமட்டத்தின் பக்கத்தை ஒட்டி இன்னொரு பத்து ரூபாய்க் குற்றி. அடிமட்டத்தைப் பக்கவாட்டில் வெடுக்கென்று தட்டுங்கள். மேலே இருந்த குற்றி காலடியில் நேராக விழும். மற்றது தள்ளுப்பட்டுத் தூரத்தில் போய் விழும். கண்ணை மூடிக்கொண்டு காதால் கேளுங்கள். சீமெந்துத் தரையில் இரண்டு ஓசை கேட்காது, ஒரே “டிக்” தான் கேட்கும்.

மேசையின் உயரம் 80 சென்ரிமீற்றர் என்றால் இரண்டுக்கும் விழ எடுக்கும் நேரம் 0.4 செக்கன், ஏனென்றால் 0.8 = 5t². தூரப் போன குற்றி 60 சென்ரிமீற்றர் தள்ளி விழுந்திருந்தால், அது மேசையை விட்ட வேகம் 0.6 ÷ 0.4 = 1.5 m s⁻¹. வெறும் அடிமட்டத்தைக் கொண்டு ஒரு வேகத்தை அளந்துவிட்டோம். கலிலியோ ஏறத்தாழ 1608 இல் பாதுவா நகரில் செய்த சோதனையும் இந்த வகைதான். சரிவில் உருட்டிய குண்டுகளை மேசை விளிம்பிலிருந்து கிடையாகப் பாயவிட்டு, அவை எங்கே விழுகின்றன என்று அளந்து குறித்து வைத்தார். அதிலிருந்து விளைந்த எறிய இயக்க விளக்கம் 1638 இல், அவர் வீட்டுக்காவலில் இருந்தபோது, லெய்டன் நகரில் நூலாக அச்சேறியது. சீரான கிடை இயக்கமும் ஆர்முடுகும் நிலைக்குத்து இயக்கமும் சேர்ந்தால் பாதை பரவளைவாகும் என்று அதில் நிறுவியிருந்தார்.

இரண்டு குற்றிகளும் ஒன்றாகத் தரையைத் தொட்டதில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. இரண்டு நிழல்களும் ஒன்றையொன்று கேட்பதில்லை, ஆனால் இரண்டுக்கும் கடிகாரம் ஒன்றுதான். சுவர் நிழல் தரையைத் தொடும் அதே கணத்தில் மணல் நிழலின் ஓட்டமும் முடிந்துவிடும். பறப்பு நேரத்தைத் தீர்மானிப்பது சுவர். அந்த நேரத்தைக் கொண்டு தூரம் போவது மணல்.

கணக்கு

கொப்பியில் நடுவே ஒரு கோடு கீறி, இடப்பக்கம் “கிடை”, வலப்பக்கம் “நிலைக்குத்து” என்று எழுதச் சொல்வேன். கோட்டைத் தாண்டிப் போக அனுமதி உள்ளது t என்ற ஓர் எழுத்துக்கு மட்டும்.

முதலில் வலப்பக்கம். மேல்நோக்கிய திசை நேர் என்று கொண்டால் தொடக்க வேகம் +15, ஆர்முடுகல் −10. தரைக்குத் திரும்பும்போது நிலைக்குத்து இடப்பெயர்ச்சி பூச்சியம்.

```
0 = 15t - 5t²
5t(3 - t) = 0
t = 0 அல்லது t = 3 s
```

t = 0 என்பது மட்டை பந்தைத் தொட்ட கணம். அப்போதும் பந்து தரையில்தான் இருந்தது என்பதால் சமன்பாடு அதையும் சொல்லிவிடுகிறது. நமக்கு வேண்டியது 3 செக்கன். அந்த 3 கோட்டைத் தாண்டி இடப்பக்கம் போகிறது. வீச்சு = 20 × 3 = 60 மீற்றர். கணக்கு முடிந்தது.

இதை ஒருமுறை செக்கன் செக்கனாகப் பார்ப்பது நல்லது.

```
நேரம் (s)     0    1    2    3
கிடை (m)      0   20   40   60
உயரம் (m)     0   10   10    0
```

மணல் நிழல் ஒவ்வொரு செக்கனிலும் 20 மீற்றர் போகிறது, கூடுதலும் இல்லை, குறைவும் இல்லை. சுவர் நிழல் முதல் செக்கனில் 10 மீற்றர் ஏறுகிறது. இரண்டாம் செக்கனின் தொடக்கத்திலும் முடிவிலும் அதே உயரத்தில் இருக்கிறது. அப்படியானால் இடையில் ஏறி இறங்கியிருக்க வேண்டும். உச்சி சரியாக நடுவில், 1.5 ஆவது செக்கனில், 11.25 மீற்றர் உயரத்தில்.

அந்த உச்சியில்தான் பல்தேர்வு வினாக்களின் பொறி காத்திருக்கிறது. “உச்சியில் பந்தின் வேகம் பூச்சியம்” என்ற தெரிவைக் கண்டதும் பேனா தானாக அதை நோக்கிப் போகும். நின்றது சுவர் நிழல் மட்டும்தான். மணல் நிழல் அப்போதும் 20 m s⁻¹ இல் ஓடிக்கொண்டிருக்கிறது, ஆகவே பந்தின் வேகம் கிடையாக 20 m s⁻¹. ஆர்முடுகலும் பூச்சியமாவதில்லை. புவியீர்ப்பு உச்சியில் ஓய்வெடுப்பதில்லை. அந்தக் கணத்திலும் அது கீழ்நோக்கி 10 m s⁻² தான்.

உயரத்திலிருந்து எறிந்தால்

தரையிலிருந்து எறிந்து தரையில் விழும் வினாவுக்கு R = u² sin 2θ / g என்ற சூத்திரத்தைப் பாடமாக்கியவர்கள் உண்டு. அவர்களைப் பரீட்சை பிடிக்கும் இடம் எறியும் மட்டமும் விழும் மட்டமும் வேறாகும் வினா. ஒலுவிலில் நிற்கும் வெளிச்சவீட்டைப் போன்ற ஒரு கோபுரத்தை எண்ணிக்கொள்ளுங்கள். தரையிலிருந்து 20 மீற்றர் உயரத்தில் உள்ள அதன் மாடத்திலிருந்து அதே பந்து, அதே 25 m s⁻¹ வேகத்தில், அதே கோணத்தில் மேல்நோக்கி எறியப்படுகிறது. சூத்திரம் மறுபடியும் 60 மீற்றர் என்றே சொல்லும். ஆனால் 60 மீற்றரில் பந்து மாடத்தின் மட்டத்துக்குத்தான் வந்திருக்கும். அதற்குக் கீழே இன்னும் 20 மீற்றர் வெறும் காற்று.

நடுக்கோடு கீறிய கொப்பியில் மாறுவது ஓர் இடம் மட்டும். முடிவில் பந்து புறப்பட்ட இடத்துக்கு 20 மீற்றர் கீழே இருக்கிறது. மேல்நோக்கி நேர் என்றோம், எனவே இடப்பெயர்ச்சி −20.

```
-20 = 15t - 5t²
t² - 3t - 4 = 0
(t - 4)(t + 1) = 0
t = 4 s
வீச்சு = 20 × 4 = 80 m
```

அந்தக் குறி விடுபட்டால் என்ன நடக்கும்? 20 = 15t − 5t² என்று எழுதினால் t² − 3t + 4 = 0 வரும். அதன் தன்மைகாட்டி 9 − 16 = −7. மெய்த் தீர்வு இல்லை. பல பிள்ளைகள் அந்த இடத்தில் பதறிப்போய், எங்கோ பெருக்கலில் பிழை என்று தேடத் தொடங்குவார்கள். பெருக்கல் சரிதான். எழுதிய சமன்பாடு “பந்து மாடத்துக்கு மேலே 20 மீற்றரை எப்போது அடையும்?” என்று கேட்கிறது. பந்து மாடத்துக்கு மேலே ஏறக்கூடிய ஆகக் கூடிய உயரம் 11.25 மீற்றர் என்று முன்பே பார்த்தோம். எப்போதும் அடையாது என்று கணிதம் நேர்மையாகப் பதில் சொல்கிறது. தன்மைகாட்டி மறையாக வந்தால் முதலில் பார்க்க வேண்டியது குறியைத்தான்.

இனி, நாம் தள்ளிவிட்ட t = −1. “நேரம் மறையாக முடியாது” என்று ஒரு கோடு இழுத்து வெட்டிவிடுவது வழக்கம். பரீட்சைக்கு அது போதும். ஆனால் அந்த −1 ஓர் உண்மையைச் சொல்கிறது. எறிவதற்கு ஒரு செக்கன் முன்பு, கோபுரத்துக்கு 20 மீற்றர் பின்னால், தரையில் நின்று ஒருவர் வேறொரு பந்தை எறிந்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் கிடைக்கூறு 20, நிலைக்குத்துக்கூறு 25. ஒரு செக்கனில் அது 20 மீற்றர் முன்னே வந்து, 25 − 5 = 20 மீற்றர் ஏறி, சரியாக மாடத்தின் அருகில் இருக்கும். நிலைக்குத்துக்கூறு 25 − 10 = 15 ஆகக் குறைந்திருக்கும். அது நம் பந்தேதான். மாடத்திலிருந்து எறிந்த பந்தும் தரையிலிருந்து எறிந்த அந்தப் பந்தும் அதற்குப்பின் ஒரே பாதையில் போகும். பந்து எங்கிருந்து தொடங்கியது என்று சமன்பாட்டுக்குத் தெரியாது. அது முழுப் பரவளைவையும் அறியும், நாம் மாடத்தில் தொடங்குகிறோம் என்பது நாம் கொடுக்கும் தகவல்.

ஆகக் கூடிய தூரம்

தரையிலிருந்து தரைக்கு எறியும் பந்துக்குத் திரும்புவோம். பறப்பு நேரம் நிலைக்குத்துக்கூற்றின் இரு மடங்கை g ஆல் வகுத்தது. அதைக் கிடைக்கூற்றால் பெருக்கினால் வீச்சு. அதாவது வீச்சு இரண்டு கூறுகளின் பெருக்கத்தைப் பொறுத்தது: 2 × 20 × 15 ÷ 10 = 60.

பெருக்கத்தில் எது முன், எது பின் என்ற பேதம் இல்லை. கூறுகளை இடம் மாற்றி, கிடை 15, நிலைக்குத்து 20 என்று நிமிர்த்தி அடித்தாலும் வீச்சு 60 தான். ஆனால் பறப்பு நேரம் 4 செக்கன் ஆகிவிடும். இரண்டு அடிகளும் ஒரே இடத்தில்தான் விழும், ஆனால் எல்லைக்கோட்டில் நிற்பவனுக்கு இரண்டாவது அடியில் பந்துக்குக் கீழே ஓடிவர ஒரு செக்கன் கூடுதலாகக் கிடைக்கிறது.

25 m s⁻¹ க்குள் பெருக்கம் ஆகக் கூடுதலாவது எப்போது? மூலைக்கு மூலை 25 அடி உள்ள செவ்வக வயல்களில் பரப்புக் கூடிய வயல் எது என்று கேட்பதும் இதுவும் ஒன்றே. சதுர வயல்தான் அது. இரு கூறுகளும் சமமாகும் கோணம் 45 பாகை. அப்போது வீச்சு u²/g = 625 ÷ 10 = 62.5 மீற்றர்.

இந்த எண்ணில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. நம் பந்தின் கோணம் ஏறத்தாழ 37 பாகை. 45 இலிருந்து எட்டுப் பாகை விலகியும் இழந்தது வெறும் இரண்டரை மீற்றர். உச்சியை ஒட்டிய மேட்டில் சரிவு மிகக் குறைவு. கோணத்தில் சிறு பிழை இருந்தாலும் தூரம் பெரிதாகக் குறையாது. வேகத்தில் சிறு குறைவு இருந்தால் அது வர்க்கமாகக் கடிக்கும். தூரம் அடிக்க விரும்புபவன் கோணத்தைவிட வேகத்தைத் தேடுவதில் நியாயம் இருக்கிறது.

காற்று வந்ததும்

மறந்துவிடுவோம் என்று சொன்ன காற்றை இப்போது உள்ளே விடுவோம். மென்பந்து கிரிக்கெட்டில் பயன்படும் டென்னிஸ் பந்தின் திணிவு ஏறத்தாழ 58 கிராம், விட்டம் 6.7 சென்ரிமீற்றர் அளவு. அதன் நிறை 0.57 நியூற்றன். 25 m s⁻¹ இல் போகும்போது அதன் மீது காற்று தரும் தடையைக் கணித்தால் ஏறத்தாழ 0.7 நியூற்றன் வருகிறது. அதாவது மட்டையை விட்ட கணத்தில், பந்தைப் புவி இழுப்பதைவிடக் காற்று பலமாகப் பிடிக்கிறது. சிறு சிறு நேரத்துண்டுகளாக வெட்டி அந்தப் பாதையை நான் கணக்கிட்டுப் பார்த்தேன். 60 மீற்றர் போக வேண்டிய பந்து 35 மீற்றருக்குச் சற்று முன்பே விழுந்துவிடுகிறது. நேரமும் 3 செக்கனிலிருந்து ஏறத்தாழ இரண்டரையாகக் குறைகிறது. பாதையும் பரவளைவு அல்ல. ஏறும்போது நீண்டு சரிந்து போய், இறங்கும்போது நிமிர்ந்து விழுகிறது. கடற்கரையில் உயர்த்தி அடித்த பந்து கடைசியில் பொத்தென்று விழுவதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல.

வளித்தடையைப் புறக்கணிக்குமாறு வினாத்தாள் சொல்வது எண்கள் சுலபமாக வர மட்டுமல்ல. இந்த வேகங்களில் தடை வேகத்தின் வர்க்கத்தோடு கூடுகிறது. அது பார்ப்பது பந்தின் முழு வேகத்தை, ஒரு கூற்றை மட்டும் அல்ல. ஆகவே சுவர் நிழல் எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்பது மணல் நிழலை எவ்வளவு பிடித்திழுக்க வேண்டும் என்பதையும் தீர்மானிக்கிறது. ஒன்றையொன்று கேட்காத நிழல்கள் இப்போது ஒன்றின் கணக்கில் ஒன்று கை வைக்கின்றன. நடுக்கோட்டைத் தாண்ட t க்கு மட்டும் அனுமதி என்ற விதி உடைகிறது. பள்ளிக்கூட முறை கைவிடும் இடம் துல்லியமாக இதுதான்.

அதே 58 கிராமை வீச்சு வலையில் கோக்கும் ஈயம்போல் திரட்டிக் குண்டாக்கினால் விட்டம் இரண்டு சென்ரிமீற்றரைச் சற்றே தாண்டும். அதே வேகத்தில் அதன் மீதான காற்றுத்தடை அதன் நிறையில் பத்தில் ஒரு பங்கு அளவுதான். அந்தக் குண்டுக்குப் பரவளைவு நல்ல கணிப்பு. ஆகவே “புறக்கணிக்க” என்ற சொல்லைக் கண்டால் ஈயக் குண்டை நினைத்துக்கொள்ளலாம், டென்னிஸ் பந்தை அல்ல.

திரும்பவும் அந்த விடைத்தாள்

விடைத்தாளைத் திருப்பிக் கொடுத்தபோது அந்த மாணவனிடம் ஒன்றே ஒன்று கேட்டேன். “மகன், இருபத்தஞ்சு வேகத்தில அடிச்ச பந்து ஆகக் கூடினா எவ்வளவு தூரம் போகும்?”

வெற்றுத்தாளின் ஓரத்தில் 625 ஐப் பத்தால் வகுத்தான். 62.5 வந்தது. பிறகு தன்னுடைய 125 ஐப் பார்த்தான். எந்தக் கோணத்தில் அடித்தாலும் தரையிலிருந்து எட்ட முடியாத தூரம் அது. யாரும் பிழை காட்டாமலே, பரீட்சை மண்டபத்திலேயே, பத்துச் செக்கனில் அவன் தானாகப் பிடித்திருக்கக்கூடிய பிழை.

தாளைத் திருப்பி, பின்பக்கத்தில் நடுவே ஒரு கோடு கீறினான். இடப்பக்கம் 20 என்று எழுதினான், வலப்பக்கம் 15. வலப்பக்கத்தில் 3 வந்ததும் அதிலிருந்து ஓர் அம்புக்குறியைக் கோட்டைத் தாண்டி இழுத்து, மறுபக்கத்தில் 60 என்று எழுதி, அதன் கீழே இரண்டு கோடு போட்டான்.